சி ஜெயித்தது

ஜாவா என்ற கணினி மொழியின் பெயரைக் கேட்டாலே சென்னியப்பனுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணும். தாராபுரம் சாலையில் இருக்கும் பொன்காளி பொறியியல் கல்லூரியில் கணினித் துறை தொடங்கிய வருஷத்திலிருந்தே இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தரவுகளை நினைவகத்தில் அடுக்கும் பாடம், நடத்துகிறவர் அவர். சி மொழியில்தான் நடத்துவார். நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டர் புரியாதவன் பொறியாளனே இல்லை என்பது அவர் கட்சி. ஆய்வகத்துக்கான மானுவலும் அவர் எழுதியதுதான். பிள்ளைகள் அதைச் செராக்ஸ் எடுத்து, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாற்றி, வரி பிசகாமல் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினார்கள். அதை அவர் தன் பாடத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

துறைக்கு ஜெசிந்தா வந்த பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. நாகர்கோவில்காரி. கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவள். வந்த முதல் பருவத்திலேயே, டேட்டா ஸ்ட்ரக்சரை ஜாவாவுக்கு மாற்றினால் என்ன என்று துறைத் தலைவர் மயிலாத்தாளிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். கல்லூரி தன்னாட்சி வாங்கிவிட்டதால் பாடத்திட்டத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்று வருஷத்துக்கு ஒருமுறை பாடத்திட்டக் குழு கூடும்.

டாக்டர் மயிலாத்தாள் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, எதிரெதிரே உட்கார வைத்து, டீயும் வரவழைத்தார்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துருங்க. வெளியாளுங்க முன்னாடி நம்ம சண்டை போட்டா நல்லா இருக்காதுங்க."

"பேசறதுக்கு என்ன மேடம் இருக்குது?" என்றார் சென்னியப்பன். "ஜாவாவுல ஒரு லிங்க்டு லிஸ்ட்டை எப்படி அழிக்கறதுன்னு கேளுங்க. ஹெட்டை நல்லுன்னு, ஒண்ணுமில்லைன்னு போடு, முடிஞ்சுது. அவ்வளவுதான்! சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போறதுங்க அது. பின்னாடி எவனோ ஒருத்தன் வந்து எடுத்துக் கழுவுவான். நம்ம பசங்களுக்குத் தட்டுக் கழுவக் கத்துக்குடுக்கறமா, இல்ல எந்திரிச்சுப் போகக் கத்துக்குடுக்கறமா?"

ஜெசிந்தா டீயை உறிஞ்சினாள். "தட்டுக் கழுவவா சார் நாலு வருஷம் பீஸ் கட்டுதாங்க?"

"அதான் பாருங்க, கம்பெனிப் பேச்சு."

"கம்பெனிப் பேச்சில்ல சார். ஜாவாலயும் பொறுப்பு இருக்கு. ஒரு அரேல ஸ்டாக் எழுதுறான்னு வைங்க. பாப் பண்ணும்போது, அதாவது மேல இருக்குறத எடுக்கும்போது, டாப்பை மட்டும் ஒண்ணு குறைச்சா போதாது. அந்த இடத்துல நல்லுன்னு போடணும். இல்லன்னா அரே அந்தப் பொருளைப் பிடிச்சிக்கிட்டே இருக்கும், கழுவ வர்ற ஆளு தட்டை எடுக்கவே மாட்டான். யாரு யாரைப் பிடிச்சிட்டிருக்கான்னு பையனுக்குத் தெரியணும். அதுவும் மெமரிப் பாடம்தான்."

சென்னியப்பன் காது கொடுக்கவில்லை. ஒரு பெண், அதுவும் முனைவர் பட்டத்துக்கு இன்னும் பதிவு மட்டுமே செய்திருப்பவள், தனக்கு மெமரிப் பாடம் எடுப்பதா என்பதிலேயே அவர் மனசு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எட்டு வருசம் எவனோ எழுதிவெச்ச லைப்ரரி புரோகிராமக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு எல்லாமே சுலபமாத்தானுங்க தெரியும்."

"நீங்க எத்தனை வருஷமா சார் ஒரே மானுவலக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க?"

மயிலாத்தாள் அவசரமாகப் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். முடிவு எதுவும் ஆகவில்லை. கூட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்கள்.

அதன் பிறகு இருவரும் துறைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சென்னியப்பன் வகுப்பில் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம், "இது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, பக்கத்து வகுப்புல ஜாவாவுல ஊட்டிவிடறாங்க" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு தன் பக்கம் என்று அவர் நினைத்தார். பிள்ளைகளுக்கோ எந்தப் பக்கமும் கிடையாது. இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவர் ஜோக்குக்குச் சிரிப்பார்கள்.

குழு கூடும் நாள் வந்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் வரதராஜுலு சென்னையிலிருந்து வந்திருந்தார். தொழில்துறைப் பிரதிநிதியாகக் கோவைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஹரிஹரசுதன் என்ற இளைஞன். கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். இருவருக்கும் சால்வை, பழக்கூடை, ஃபைல் எல்லாம் ஆயிற்று. வரதராஜுலு பழக்கூடையைத் தன் காலுக்கருகே நகர்த்தி வைத்துக்கொண்டு, "சாயங்காலம் கோயம்புத்தூர்ல எனக்கு ட்ரெயின் இருக்கு, சீக்கிரம் பார்த்துடலாம்" என்றார். இவரெல்லாம் டேட்டா ஸ்ட்ரக்சரைக் கடைசியாகத் தொட்டது எந்தக் காலத்தில் என்று சென்னியப்பன் உள்ளுக்குள் ஏளனமாக எண்ணிக்கொண்டார். ஹரிஹரசுதனைப் பார்த்தும் அவருக்கு மதிப்பு வரவில்லை. பெட்டிக்கடையில் சாமான் வாங்க வந்தவனைப் போல, "எங்களுக்கு ஜாவா தெரிஞ்ச பசங்க வேணும் சார், பைத்தான்னா இன்னும் நல்லது" என்று அவன் சொன்னதும், "உங்களுக்கு ஆளு வேணும்னா சந்தைக்குப் போங்க தம்பி, இது காலேஜு" என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

அவர் வேறொன்று வைத்திருந்தார்.

"வெறும் பேச்செதுக்குங்க?" என்று எழுந்தார். "லேபுக்கு வாங்க. ஒரே புரோகிராம். எங்க புள்ளை சி-ல செய்யும், மேடத்தோட புள்ளை ஜாவாவுல செய்யட்டும். லிஸ்ட்டை உருவாக்கறது, நடுவுல ஒரு நோடை எடுக்கறது, கடைசியா மொத்தத்தையும் அழிக்கறது. எது பாடம், எது படம்னு நீங்களே பாருங்க."

மயிலாத்தாளுக்கும் அது பிடித்துவிட்டது. ஆய்வகத்துக்கு அந்த வாரம்தான் புதிய கணினிகள் வந்து இறங்கியிருந்தன. பழைய கணினிகளில் பல வருஷத்துப் பழைய லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. இவற்றில் புத்தம் புதியது. குழுவுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சென்னியப்பன் தன் மாணவி ரம்யபாரதியை முன்வரிசைக் கணினியில் உட்கார வைத்தார். வகுப்பில் முதல் மாணவி. மானுவலின் லிங்க்டு லிஸ்ட் என்கிற பட்டியல் புரோகிராமை அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அப்படியே அடித்தாள். பட்டியல் என்பது நோட் என்னும் பெட்டிகள் கோத்த சங்கிலி மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண், அதோடு அடுத்த பெட்டி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. பெட்டிகளைச் சேர்த்தாள், திரையில் எண்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒன்றை எடுத்தாள், சங்கிலி ஒட்டிக்கொண்டது.

"இப்ப மொத்தமா அழிக்கும், பாருங்க" என்றார் சென்னியப்பன், பிரதிநிதிகள் பக்கம் திரும்பி. "ஒவ்வொரு நோடா, கையால. ஒரு பைட் மிச்சம் வெக்காம எல்லாத்தையும் சிஸ்டத்துக்குத் திருப்பிக் குடுத்துரும். இந்த ஒழுக்கம் ஜாவாவுல வராதுங்க."

ரம்யபாரதி எண்டரைத் தட்டினாள்.

செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரே வரி வந்து புரோகிராம் செத்தது.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். அதே வரி.

"புது மெசினு. ஏதோ இன்ஸ்டால் சரியில்லைங்க" என்றார் சென்னியப்பன். பக்கத்துக் கணினிக்கு மாற்றச் சொன்னார். அங்கேயும் செத்தது. ஹரிஹரசுதன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தான். வரதராஜுலு வாட்ச்சைப் பார்த்தார். ரம்யபாரதி, தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்று பயந்து, கண்ணில் நீர் முட்ட மானுவலைப் புரட்டி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

ஜெசிந்தா பின்னாலிருந்து குனிந்து திரையைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"நீ சரியாத்தான் அடிச்சிருக்க மக்கா. அழாத" என்றாள் பெண்ணிடம். பிறகு விரலைத் திரையில் வைத்தாள். "சார், மொதல்ல பி-ங்குற பெட்டிய ஃப்ரீ பண்ணுதீங்க. அடுத்த வரியில அதே பி கிட்ட, உனக்கு அடுத்தவன் எங்கன்னு கேக்குதீங்க. வீட்டைக் காலி பண்ணிச் சாவியக் குடுத்தாச்சு. அப்புறம் அந்த வீட்டு அலமாரியில வெச்ச அட்ரஸை எடுக்கப் போனா?"

சென்னியப்பனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவர் முட்டாள் இல்லை. விடுவிப்பதற்கு முன் அடுத்த முகவரியை வேறொரு பாயிண்டரில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலகையில் எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறார். மானுவலில் அவசரத்தில் எழுதிய நாளில் விட்டுவிட்டார். பழைய லினக்ஸ், விடுவித்த பெட்டியின் முதல் பாதியில் மட்டும் தன் குறிப்பை எழுதிக்கொண்டு, முகவரி இருக்கும் இரண்டாம் பாதியைத் தொடாமல் விட்டுவைத்தது. அதனால் தப்பான புரோகிராம் வருஷக்கணக்காகச் சரியாக ஓடியது. புதிய லினக்ஸ் அந்த இரண்டாம் பாதியிலும் தன் முத்திரையைக் குத்துகிறது. முகவரி என்று நம்பி அந்த முத்திரையின் பின்னால் போனால் சாவுதான்.

விளங்கியது. ரம்யபாரதி கையிலிருந்த மானுவலை வாங்கி மூடினார்.

அடுத்த கணினியில் ஜெசிந்தாவின் மாணவன், ஹெட்டை நல் என்று ஆக்கி, பட்டியல் காலி என்று திரையில் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எல்லோரும் கூட்ட அறைக்குத் திரும்பினார்கள்.

"கண்ணால பார்த்தாச்சே" என்றார் வரதராஜுலு. "சி ஆபத்தான பாஷை. க்ராஷ் ஆகுது. செகண்ட் இயர் குழந்தைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? ஜாவா சேஃப். மாத்திடலாம். மினிட்ஸ்ல எழுதிக்கோங்கோ."

"இண்டஸ்ட்ரியும் அதைத்தான் எதிர்பார்க்குது சார்" என்றான் ஹரிஹரசுதன்.

சென்னியப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்திலும் ஓர் ஓரத்தில் அவருக்கு இகழ்ச்சி மூண்டது. கத்தி கையை வெட்டிவிட்டது என்பதற்காகச் சமையலையே நிறுத்துகிற ஆட்கள். இவர்களிடம் தோற்பது ஒருவகையில் கௌரவம்தான் என்றுகூட நினைத்தார். சி-யைப் புரிந்துகொள்ளத் துப்பில்லாதவர்கள் தூக்கி எறிந்தார்கள் என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டு திரியலாம்.

அப்போது ஜெசிந்தா, "எழுதாதீங்க மேடம்" என்றாள்.

மயிலாத்தாளின் பேனா நின்றது. "உங்க புரபோசல்தானேங்க ஜெயிச்சிருக்குது?"

"நான் அதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். சி-யே இருக்கட்டும்."

"என்னம்மா வெளையாடறேளா?" என்றார் வரதராஜுலு.

"இல்ல சார். கம்பெனியில இதே மாதிரி ஒரு பக்கை, ஒளிஞ்சு கெடந்த தப்பைத் தேடி நாங்க ஒரு டீமே பைத்தியமாத் திரிஞ்சோம். டெஸ்ட்ல ஓடும், கஸ்டமர் மெஷின்ல சாவும். ஓடுற புரோகிராம் எல்லாம் சரியான புரோகிராம் இல்லன்னு அன்னைக்குத்தான் எனக்கு மண்டையில ஏறிச்சு. இன்னைக்கு அந்தப் பொண்ணு அதைச் செகண்ட் இயர்லயே பாத்துட்டா. ஜாவாவுல இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. செய்ய முடியாத தப்பைக் காட்டிப் புரிய வெக்க முடியாது. மொதல்ல சி-ல அடிபடட்டும், அப்புறம் ஜாவா படிக்கட்டும். அப்பத்தான் ஜாவா என்னத்தச் செஞ்சு குடுக்குதுன்னே தெரியும்."

"அப்ப க்ராஷ் ஆனது?"

ஜெசிந்தா சென்னியப்பன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அது பாஷையோட தப்பு இல்ல சார். சொல்லிக்குடுத்தவங்களோட தப்பு. அந்த மானுவல் எல்லாம் கிழிச்சுப் போட வேண்டியது. கம்பைல் பண்ணும்போதே மெமரியச் சோதிக்கச் சொல்லி ஒரு ஆப்ஷன் குடுத்தா, காலி பண்ணின இடத்தைத் தொட்டிருக்க, இந்த வரியிலன்னு அதுவே சொல்லும். வருஷக்கணக்கா யாரும் அதை ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கல."

 ஹரிஹரசுதன் முதல் முறையாகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

வரதராஜுலுவுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். "அப்போ சி-யே கண்டினியூ பண்ணுங்கோ. ஆனா புது மானுவல் வேணும். இந்தம்மாவே எழுதட்டும், இந்தம்மாவே நடத்தட்டும். சாருக்கு வேற ஏதாவது குடுங்கோ" என்று எழுந்துகொண்டார். பழக்கூடையை டிரைவர் எடுத்துக்கொண்டான்.

 சென்னியப்பன் கேட்டது சி. சி கிடைத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு வராந்தாவில் அவர் ஜெசிந்தாவை மறித்தார்.

"எனக்குப் பரிஞ்சு பேசினதா நெனப்பா உங்களுக்கு?"

"உங்களுக்கா? நான் சி-க்குல்லா பேசினேன்."

"ஜாவா வந்திருந்தா நான் கவலப்பட்டிருக்க மாட்டேனுங்க. இப்படிப் பண்ணிப்போட்டீங்களே."

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டினாள். "சார், நான் வந்த அன்னைக்கு உங்களக் கண்டு பயந்தேன். இத்தனை வருஷம் சி நடத்துதவரு, எவ்வளவு தெரிஞ்சிருக்கும்னு. உங்க மானுவலை நான் படிச்சுக்கூடப் பாக்கல, சரியாத்தான் இருக்கும்னு. அந்த மரியாதைய வேஸ்ட் பண்ணிட்டேன்." அவ்வளவுதான், படி இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் அவர் மனைவி கேட்டதற்கு, "நம்ம கட்சிதான் ஜெயிச்சுது" என்றார். அன்று இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கான பாட ஒதுக்கீடு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டபோது, அவர் பெயருக்கு எதிரே மூன்றாம் ஆண்டு ஜாவா புரோகிராமிங் என்று இருந்தது. மயிலாத்தாள் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். அனுபவஸ்தர் நீங்க, எது குடுத்தாலும் நடத்துவீங்க."

"நடத்தறங்க" என்றார்.

நடத்தினார். ஜாவாவின் மேல் இருந்த இளக்காரம் ஒரு சொட்டும் குறையாமல் நடத்தினார். எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. இணையத்தில் யாரோ போட்டிருந்த ஸ்லைடுகளை எடுத்து, தன் பெயரைப் போட்டு, வகுப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒருவன் எழுந்து ஏதாவது சந்தேகம் கேட்டால், "அதையெல்லாம் அந்த மொழியே பாத்துக்கும், நீ உக்காரு" என்றார். தான் எவ்வளவு கேவலமாக நடத்துகிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. வேண்டுமென்றேதான் செய்தார். யாராவது புகார் செய்யட்டும், இந்தப் பாடத்துக்குச் சென்னியப்பன் சரிப்பட மாட்டார், சி-க்கே திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

யாரும் புகார் செய்யவில்லை. ஜெசிந்தாவின் டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பிலிருந்துதான் மயிலாத்தாளுக்குப் புகார் போயிற்று. மேடம் மனப்பாடம் செய்யவிடுவதில்லை, ஒவ்வொரு வாரமும் புரோகிராமை மாற்றுகிறார், எல்லாருக்கும் செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது என்று. இன்டர்னலில் பாதிப் பேர் தேறவில்லை. அந்த வருஷம் இரண்டாமாண்டுக்கு வந்திருந்த ரம்யபாரதியின் தம்பி உட்பட. மயிலாத்தாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, மார்க்கைக் கொஞ்சம் பார்த்துப் போடும்மா என்றார். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தச் செய்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள், அவர் ஏதாவது நக்கலாகச் சொல்வார் என்று. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

பருவத் தேர்வு முடிவு வந்தது. சென்னியப்பனின் ஜாவாவில் அநேகமாக எல்லோருமே தேர்ச்சி. துறையிலேயே அதுதான் அதிகம். பிள்ளைகள் எழுதிய கருத்துப் படிவங்களில், சார் ரொம்ப எளிமையாகப் புரிய வைக்கிறார் என்று வந்திருந்தது. கல்லூரி முதல்வர் கையால் ஒரு பாராட்டுச் சான்றிதழும், எவர்சில்வர் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். மேடையில் மயிலாத்தாள் மைக்கில், "புது சப்ஜெக்ட்டா இருந்தாலும் சார் எவ்வளவு டெடிகேஷனா எடுத்தாருன்னு ரிசல்ட்டே சொல்லுதுங்க" என்றார்.

சென்னியப்பன் விளக்கை வாங்கிக்கொண்டு கீழே பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.